10-இல் ஏறி 30-இல் இறங்கினால் சராசரி ஏன் 20 இல்லை?

கேள்வி: "காரைக்குடிக்காரன் நான். போன ஞாயிறு சிறுமலை ரோட்டில் 12 கி.மீ. ஏறிவிட்டு அதே வழியில் திரும்பி இறங்கினேன். ஏறும்போது சராசரி 10, இறங்கும்போது 30. கூட்டி இரண்டால் வகுத்தால் 20 வருகிறது. ஆனால் சைக்கிள் மீட்டர் மொத்தச் சராசரி 15 என்று காட்டுகிறது. மீட்டர் கோளாறா, என் கணக்கு தப்பா? தப்பு என்றால் ஏன் தப்பு என்று புரியும்படி யாராவது சொல்லுங்கள்."

மீட்டரில் கோளாறு இல்லை, 15 தான் சரி. முதலில் கணக்கை நேராகப் போட்டுப் பார்த்துவிடுவோம், காரணத்தை அப்புறம் பேசலாம். 12 கி.மீ. தூரத்தை மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏற 1.2 மணி நேரம், அதாவது 72 நிமிடம் ஆகும். அதே 12 கி.மீ. தூரத்தை 30-இல் இறங்க 0.4 மணி, 24 நிமிடம். போனது வந்தது சேர்த்து 24 கி.மீ., ஆன நேரம் 96 நிமிடம், அதாவது 1.6 மணி. 24-ஐ 1.6-ஆல் வகுத்தால் 15. சராசரி வேகம் என்றால் மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்து வருவது, அவ்வளவுதான். வேகங்களைக் கூட்டி எண்ணிக்கையால் வகுப்பது சில சமயம் அதே விடையைத் தரும், பல சமயம் தராது. உங்களுக்குத் தராமல் போன சமயம் வாய்த்திருக்கிறது.

நான் தேவகோட்டைப் பக்கம் 20 வருடத்துக்கு மேல் கணக்குப் பாடம் எடுத்தவன், சைக்கிளும் ஏறக்குறைய அவ்வளவு காலமாக ஓட்டுகிறேன். வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டால் பெரும்பாலான பிள்ளைகள் 20 என்றுதான் எழுதுவார்கள், மேலே உள்ளபடி போட்டுக் காட்டினால் "சரி சார்" என்று ஒத்துக்கொள்வார்கள், அடுத்த வாரம் எண்களை மாற்றிக் கொடுத்தால் திரும்பவும் கூட்டி வகுப்பார்கள். விடை தெரிந்துவிட்டது, காரணம் மனசில் இறங்கவில்லை. அதனால் காரணத்துக்குத்தான் இங்கே நேரம் கொடுக்கப் போகிறேன்.

10-ஐயும் 30-ஐயும் கூட்டி இரண்டால் வகுக்கும்போது இரண்டுக்கும் சம மதிப்புக் கொடுக்கிறீர்கள். ஏறியதும் 12 கி.மீ., இறங்கியதும் 12 கி.மீ., ஆக சமம்தானே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வேகம் என்பதே ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்ற கணக்கு. அதன் அடியில் இருப்பது நேரம். எனவே எந்த வேகத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதையும் நேரம்தான் தீர்மானிக்க வேண்டும், தூரம் அல்ல. நீங்கள் 10-இல் இருந்தது 72 நிமிடம், 30-இல் இருந்தது 24 நிமிடம், மூன்றுக்கு ஒன்று. உங்கள் வீட்டில் இருந்து அந்த 96 நிமிடத்துக்குள் ஏதோ ஒரு நேரத்தில் போன் போட்டு "இப்போ என்ன வேகத்தில் போறே?" என்று கேட்டிருந்தால், நாலு தடவைக்கு மூன்று தடவை "10-இல் ஏறிக்கிட்டிருக்கேன்" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அந்த நாலு பதிலையும் கூட்டிப் பாருங்கள்: 10, 10, 10, 30. கூட்டினால் 60, நாலால் வகுத்தால் 15.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை வட்டிக் கணக்கில் சொன்னால் இன்னும் சீக்கிரம் பிடிபடும். ஒருவரிடம் ஒரு வருடத்துக்குக் கடன் வாங்குகிறீர்கள். முதல் 9 மாதம் ஒரு வட்டி, கடைசி 3 மாதம் மூணு வட்டி என்று பேச்சு. வருடம் முழுதுக்கும் சராசரி என்ன வட்டி? ஒன்றையும் மூன்றையும் கூட்டி இரண்டால் வகுத்து "இரண்டு வட்டி" என்று யாராவது சொன்னால் செட்டிநாட்டில் ஒரு கணக்கப்பிள்ளைகூட ஒப்புக்கொள்ள மாட்டார். 100 ரூபாய்க்கு 9 மாதத்தில் 9 ரூபாய், 3 மாதத்தில் இன்னொரு 9 ரூபாய், மொத்தம் 18 ரூபாய், 12 மாதத்தால் வகுத்தால் ஒன்றரை வட்டி. எந்த வீதம் எத்தனை மாதம் ஓடியது என்று பார்க்காமல் வீதத்தை மட்டும் கூட்டக் கூடாது என்பது அங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்கள் சைக்கிளிலும் அதேதான் நடந்திருக்கிறது: 9-க்கு 3 என்பதும் 72-க்கு 24 என்பதும் ஒரே விகிதம், ஒரு வட்டியின் இடத்தில் 10, மூணு வட்டியின் இடத்தில் 30, ஒன்றரை வட்டியின் இடத்தில் 15. வட்டியில் மாதம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் தப்பு நடப்பதில்லை. சைக்கிளில் கண்ணுக்குத் தெரிவது கிலோமீட்டர் கல், நேரம் பின்னால் மறைந்துகொள்கிறது.

உங்கள் கணக்கில் வந்த அந்த 20-ஐப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு இந்தக் கணக்கில் ரொம்பப் பிடித்த இடம் இது. 24 கி.மீ. தூரத்தை 20 சராசரியில் முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? 1.2 மணி, 72 நிமிடம். ஆனால் உச்சியைத் தொட்டபோதே உங்களுக்கு 72 நிமிடம் ஆகிவிட்டது. அதாவது நீங்கள் 20 சராசரி எடுக்க வேண்டுமானால், உச்சியில் கால் ஊன்றிய அந்த நொடியே அடிவாரத்தில் இருக்க வேண்டும். இறங்க ஒரு நொடிகூட மிச்சமில்லை. 30-இல் இல்லை, 60-இல் இறங்கினாலும், 300-இல் இறங்கினாலும் 20-ஐத் தொட முடியாது. பொதுவாகச் சொன்னால், ஏற்றமும் இறக்கமும் சம தூரமாக இருந்தால் மொத்தச் சராசரி ஏறிய வேகத்தின் இரண்டு மடங்கை ஒருக்காலும் எட்டாது. கூட்டி வகுக்கும் முறையோ, 60-இல் இறங்கினால் 35 என்றும் 300-இல் இறங்கினால் 155 என்றும் கூசாமல் விடை சொல்லும். அந்த முறை இந்த இடத்துக்குப் பொருந்தாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.

1934-இல் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியல் அறிஞர் தன் நண்பர் ஐன்ஸ்டைனுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் இதே புதிரை வைத்தார். பழைய கார் ஒன்று ஒரு மைல் மேட்டில் மணிக்கு 15 மைல் வேகத்தில் ஏறுகிறது, மறுபக்கம் ஒரு மைல் இறங்குகிறது, மொத்தச் சராசரி 30 வர எவ்வளவு வேகத்தில் இறங்க வேண்டும் என்பது கேள்வி. 45 என்று சொல்லத்தான் வாய் வரும். இறங்க நேரமே மிச்சமில்லை என்பது கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் தனக்குத் தெரிந்தது என்று ஐன்ஸ்டைன் பதில் எழுதினார். எனவே முதல் பார்வையில் 20 என்று தோன்றியதற்காக நீங்கள் வருத்தப்பட ஒன்றுமில்லை.

சரி, இத்தனை நாள் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று சுற்றும்போது இந்தத் தகராறு ஏன் வரவில்லை? நம்ம சீமை கிட்டத்தட்டச் சமதரை. கண்மாய்க் கரை ஏற்றம், பாலத்து ஏற்றம் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. போகும்போது 22, வரும்போது 18 என்று வைத்துக்கொள்வோம். கூட்டி வகுத்தால் 20. சரியான விடை 19.8. மீட்டரில் 19.8 என்று பார்த்தால் யார் கவனிக்கப் போகிறார்கள்? இரண்டு வேகமும் நெருக்கமாக இருக்கும்வரை தப்பு முறையும் சரியான முறையும் ஒட்டிக்கொண்டேதான் நிற்கும். வித்தியாசம் கூடக் கூடத் தப்பு அதைவிட வேகமாக ஏறும், ஏனென்றால் அது வேக வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: வித்தியாசத்தை அதாலேயே பெருக்கி, இரண்டு வேகத்தின் கூட்டுத்தொகையைப் போல் இரு மடங்கால் வகுத்தால், கூட்டி வகுத்த விடை எவ்வளவு அதிகமாக இருக்கிறது என்பது கிடைத்துவிடும். 22, 18 என்றால் 16-ஐ 80-ஆல் வகுக்க 0.2. உங்கள் 10, 30 என்றால் 400-ஐ 80-ஆல் வகுக்க 5. உங்கள் 20-க்கும் மீட்டரின் 15-க்கும் நடுவே இருக்கும் அதே 5.

மலை இல்லாமலே இதை நம்ம ஊரில் பார்க்க வேண்டும் என்றால் ஆடி மாதம் காத்திருங்கள். மேல்காற்று அடிக்கிற நாளில் காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர்ப் பக்கம், அதாவது மேற்கே போனால் காற்று முகத்தில் மோதும், திரும்பி வரும்போது முதுகில் தள்ளும். 20 கி.மீ. தூரம் 15-இல் போய் 25-இல் திரும்பினால் 80 நிமிடமும் 48 நிமிடமும் ஆகும், 40 கி.மீ.-க்கு 128 நிமிடம், சராசரி 18.75. காற்றே இல்லாத நாளில் இரண்டு பக்கமும் 20-இல் போயிருந்தால் 120 நிமிடத்தில் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். காற்று போகும்போது எடுத்ததைத் திரும்பும்போது கொடுத்துவிடும் என்று சொல்வார்கள். மணிக்கு 5 கி.மீ. எடுத்து 5 கி.மீ. கொடுத்தாலும் 8 நிமிடத்தை வைத்துக்கொள்கிறது, ஏனென்றால் எடுக்கும்போது நீங்கள் அதிக நேரம் அதன் கையில் இருக்கிறீர்கள்.

கூட்டி வகுப்பது எப்போது சரி என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அந்த முறையே பொய் என்று நினைத்துவிடுவீர்கள். இரண்டு வேகத்திலும் சம நேரம் ஓட்டியிருந்தால் அது சரி. ஒரு மணி நேரம் 10-இல், ஒரு மணி நேரம் 30-இல் என்றால் 40 கி.மீ., 2 மணி, சராசரி 20, தப்பே இல்லை. ஆனால் அப்போது நீங்கள் 10 கி.மீ. ஏறி 30 கி.மீ. இறங்கியிருக்கிறீர்கள். அது வேறு ஊர்வலம், போன வழியே திரும்பியது அல்ல.

சம தூரத்துக்கும் கூட்டி வகுக்க ஆசைப்பட்டால் அதற்கும் ஒரு வழி உண்டு: வேகத்தைத் திருப்பிப் போடுங்கள். ஒரு மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதற்குப் பதில் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள், ஓட்டப் பந்தயக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள். 10-இல் ஏறினால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம். 30-இல் இறங்கினால் 2 நிமிடம். இப்போது அடியில் இருப்பது தூரம், தூரமும் சமம், எனவே தாராளமாகக் கூட்டி வகுக்கலாம்: 6-உம் 2-உம் 8, பாதி 4. கிலோமீட்டருக்கு 4 நிமிடம் என்றால் மணிக்கு 15 கி.மீ. மலையில் மனக்கணக்குப் போட எனக்குத் தெரிந்து இதைவிட எளிய முறை இல்லை. பாடப் புத்தகத்தில் இசைச் சராசரி என்று வருவது இதேதான், கூட்டுச் சராசரியின் அண்ணன் தம்பி மாதிரி. இரண்டு வேகங்களையும் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்கச் சொல்வார்கள்: 10-ஐ 30-ஆல் பெருக்கினால் 300, இரு மடங்கு 600, 40-ஆல் வகுத்தால் 15.

ஆனால் அந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்து எல்லா இடத்திலும் போட்டுவிடாதீர்கள். அது சம தூரத்துக்கு மட்டும். நிஜப் பயணத்தில் தூரங்கள் சமமாக இருப்பது அபூர்வம். உதாரணத்துக்கு அதே சிறுமலைப் பயணத்தில் அடிவாரத்துக்கு முன்னால் 18 கி.மீ. சமதரை ஓட்டமும் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். காலையில் தெம்பாக 20-இல் போகிறீர்கள், 54 நிமிடம். ஏற்றம் 12 கி.மீ., 72 நிமிடம். இறக்கம் 24 நிமிடம். திரும்பும்போது வெயிலும் களைப்பும் சேர்ந்து அதே 18 கி.மீ. தூரத்தை 18-இல் ஓட்டுகிறீர்கள், 60 நிமிடம். மொத்தம் 60 கி.மீ., 210 நிமிடம், அதாவது மூன்றரை மணி. சராசரி 17.1. நாலு வேகத்தையும் கூட்டி நாலால் வகுத்தால் 19.5 வரும், அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. நாலுக்கும் இசைச் சராசரி எடுத்தால் அதுவும் 17.1 வராது, துண்டுகள் சமமில்லையே. எத்தனை துண்டு இருந்தாலும் தூரத்தை ஒரு வரிசையில் எழுதுங்கள், நேரத்தை இன்னொரு வரிசையில் எழுதுங்கள், இரண்டையும் தனித்தனியே கூட்டுங்கள், கடைசியில் ஒரே ஒரு தடவை வகுங்கள். எக்செல் தாளில் B-இல் கிலோமீட்டரும் C-இல் மணிக் கணக்கும் (நிமிடத்தை 60-ஆல் வகுத்தது) இருந்தால் இவ்வளவுதான்:

```
=SUM(B2:B5)/SUM(C2:C5)
```

ஒவ்வொரு வரியிலும் வேகத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அந்த வேக வரிசைக்குக் கீழே AVERAGE போடுகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. உங்கள் 20 அங்கேதான் பிறக்கும்.

இந்த மூன்றரை மணியில் உச்சியில் டீக் கடையில் உட்கார்ந்த அரை மணி சேரவில்லை. சேர்த்தால் 4 மணி, சராசரி 15 ஆகிவிடும். இரண்டும் சரியான எண்கள்தான், இரண்டும் வேறு கேள்விக்கு விடை. ஓட்டும்போது எப்படி ஓட்டினேன் என்பதற்கு 17.1, வீட்டை விட்டுப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் எடுத்தது என்பதற்கு 15. சைக்கிள் மீட்டர்கள் பெரும்பாலும் சக்கரம் நின்றதும் நேரத்தை நிறுத்திவிடும், ஸ்ட்ராவா போன்ற செயலிகள் நகர்ந்த நேரம், மொத்த நேரம் என்று இரண்டையும் காட்டும். இரண்டு பேர் ஒரே பயணத்தைப் போய்விட்டு வெவ்வேறு சராசரி சொன்னால் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் மீட்டர் சரியாக 15 காட்டுவதால், உச்சியில் நீங்கள் நின்ற நேரத்தை அது எண்ணவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

இதுவரை சொன்னது கணக்கு, அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. சந்தேகம் வர வேண்டியது கணக்குக்குள் போகும் எண்களில். அந்த 10-உம் 30-உம் எங்கிருந்து வந்தன? ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று என்று மீட்டரில் தனித்தனி லேப் போட்டு எடுத்தவை என்றால் நம்பலாம், மீட்டரின் 15-உடன் அவை கச்சிதமாகப் பொருந்துவதைப் பார்த்தால் அப்படித்தான் எடுத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. போகப் போகத் திரையைப் பார்த்து "ஏறும்போது சுமார் 10 இருந்தது" என்று எடுத்தவை என்றால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. ஏற்றத்தில் ஒருவர் திரையைப் பார்ப்பது கொஞ்சம் சமமான இடத்தில், மூச்சு வாங்கும்போதுதான், அங்கே வேகம் கூட இருக்கும். செங்குத்தான வளைவில் 7-க்கு இறங்கியது கண்ணில் படவே படாது.

மீட்டரே தப்பாக இருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டால், தப்பு எல்லா எண்ணிலும் ஒரே விகிதத்தில் இருக்கும். சக்கரத்தில் காந்தம் வைத்த மீட்டர் சுற்றுகளை எண்ணி, நீங்கள் கொடுத்த சக்கரச் சுற்றளவால் பெருக்குகிறது. 700x25 டயருக்கு 2105 மி.மீ. என்று போடுவது வழக்கம். அதை 2 சதவீதம் தப்பாகப் போட்டால் ஏற்றம், இறக்கம், மொத்தம் எல்லாமே 2 சதவீதம் தப்பும். ஏற்றம் 10, இறக்கம் 30 என்று சரியாகக் காட்டிவிட்டு மொத்தத்தை மட்டும் 20-க்குப் பதில் 15 என்று காட்டுகிற மாதிரிக் கோளாறு அதற்கு வரவே வராது. ஜிபிஎஸ் வேறு மாதிரி. கொண்டை ஊசி வளைவில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்க்கோடு போட்டு வளைவைக் கொஞ்சம் வெட்டிவிடும், அதனால் தூரம் சற்றுக் குறையும், மரம் அடர்ந்த மலைச் சாலையில் புள்ளிகள் அங்கே இங்கே சிதறித் தூரம் கூடவும் செய்யும். எப்படியானாலும் இவை தசமத்தில் விளையாடும் பிழைகள், ஐந்து கிலோமீட்டரைச் சாப்பிடும் பிழைகள் அல்ல.

ஜிபிஎஸ் பதிவை இறக்கி நீங்களே ஆராய்கிறவர் என்றால் ஒரு எச்சரிக்கை. நொடிக்கு ஒன்று என்று பதிந்த வேகங்களைக் கூட்டி எண்ணிக்கையால் வகுப்பது சரி, ஒவ்வொரு பதிவும் ஒரு நொடிக்குச் சமம் அல்லவா. உங்கள் பயணத்தில் ஏற்றத்துக்கு 4320 பதிவு, இறக்கத்துக்கு 1440 பதிவு இருக்கும், கூட்டி வகுத்தால் 15 வரும். ஆனால் கிலோமீட்டருக்கு ஒரு வரி என்று செயலி பிரித்துக் காட்டுகிற பட்டியலை எடுத்தால் ஏற்றத்துக்கு 12 வரி, இறக்கத்துக்கு 12 வரி, கூட்டி வகுத்தால் மறுபடி 20. ஒரே பயணம், ஒரே கருவி, ஒன்று நேரத்தால் வெட்டியது, ஒன்று தூரத்தால் வெட்டியது. சில கருவிகள் இடத்தை மிச்சப்படுத்த, திசையோ வேகமோ மாறும்போது மட்டும் பதியும். அந்தப் பதிவுகளின் இடைவெளி சமமே இல்லை, அவற்றை நேராகக் கூட்டவே கூடாது.

இதை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நாங்கள் நாலு பேர் சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு மலைக்குப் போனோம். 30 கி.மீ. ஏற்றம், அதே வழியில் இறக்கம். ஏற்றம் 8-இல், இறக்கம் 32-இல் என்று எங்களில் ஒருவர் அனுபவத்தில் சொன்னார், அது சரியாகவே இருந்தது. கூட்டி வகுத்து சராசரி 20, 60 கி.மீ.-க்கு 3 மணி நேரம், மதியம் 2 மணிக்குக் கிளம்பினால் 5 மணிக்குக் கீழே என்று திட்டம் போட்டோம். கணக்கு எடுப்பவன் நான் கூடவே இருந்தேன், நானும் தலையாட்டினேன். 8-இல் 30 கி.மீ. ஏறவே 3 மணி 45 நிமிடம் ஆகும். உச்சிக்கு வரும்போதே 6 மணிக்குப் பக்கம். இறக்கம் முழுக்க இருட்டில், ஒரே ஒருவரிடம் விளக்கு, அதுவும் மங்கல். முதல் வளைவிலிருந்து கடைசி வளைவு வரை பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போய், ஒரு லாரி வெளிச்சத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு இறங்கினோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அன்றிலிருந்து மலைப் பயணத்துக்கு வேகத்தைப் பேசுவதை விட்டுவிட்டேன், துண்டு துண்டாக நிமிடத்தை மட்டும்தான் எழுதுகிறேன்.

நிமிடமாக எழுதிப் பார்த்தால் எங்கே சேமிக்கலாம் என்பதும் தெரியும். உங்கள் 15-ஐ உயர்த்த ஆசை என்றால் இறக்கத்தில் இன்னும் வேகம் எடுக்கலாமா என்றுதான் மனசு போகும். ஏற்றத்தை 10-லிருந்து 11 ஆக்கினால் 72 நிமிடம் ஏறக்குறைய 65 நிமிடமாகும், ஆறரை நிமிடம் மிச்சம், மொத்தச் சராசரி 16.1. இறக்கத்தை 30-லிருந்து 31 ஆக்கினால் மிச்சம் 46 நொடி. இறக்கத்தை 36 வரை விரட்டினாலும் மிச்சம் 4 நிமிடம்தான், சராசரி 15.7-ஐத் தாண்டாது. அந்த 36-க்காகக் கொண்டை ஊசி வளைவுகளில் நீங்கள் பிரேக்கை விட வேண்டியிருக்கும். ஏற்றத்தில் உங்கள் உழைப்பு முக்கால்வாசிக்கு மேல் எடையைத் தூக்குவதற்குப் போகிறது, அதனால் பத்து சதவீதம் கூட மிதித்தால் வேகமும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும், இரண்டு கிலோ எடையைக் குறைத்தாலும் தெரியும். இறக்கத்தில் தள்ளுவது மலை, தடுப்பது காற்றும் உங்கள் பிரேக்கும், மிதிப்பதால் பெரிதாக ஒன்றும் மாறாது.

அடுத்த முறை போகும்போது உச்சியில் மீட்டரின் லேப் பொத்தானை ஒரு தடவை அழுத்துங்கள், நின்றுவிட்டுக் கிளம்பும்போது மறுபடி ஒரு தடவை. வேகத்தைப் பார்க்காதீர்கள், இரண்டு நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு வந்து இங்கே போடுங்கள், சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.